கச்சேரிக்கும் ரிகர்சலுக்கும் இயர்பிளக்: தெளிவு கெடாமல் காதைக் காப்பது எப்படி

இயர்பிளக்கை ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் மந்தமா கேக்குது." அந்தக் குறை உண்மையானது. ஆனால் சத்தம் குறைந்ததால் வந்த மந்தம் அல்ல அது. சத்தம் ஏற்றத்தாழ்வாகக் குறைந்ததால் வந்தது. பேஸ் போலத் தாழ்ந்த சுருதியில் வரும் ஒலியும் சிம்பல் போல உயர்ந்த சுருதியில் வரும் ஒலியும் ஒரே அளவில் குறைந்தால் பாட்டு அப்படியே இருக்கும், தூரம் மட்டும் கொஞ்சம் கூடினதுபோல் தோன்றும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த இயர்பிளக்கின் வேலை அதுதான். அதை வாங்கியும் மந்தம் போகவில்லை என்றால், முக்கால்வாசி நேரம் பிளக் காதில் சரியாக உட்காரவில்லை என்றுதான் பொருள்.

குமரி மாவட்டத்தில் சபைப் பாடகர் குழுவிலோ, திருவிழா மேடைகளில் வாசிக்கும் இன்னிசைக் குழுவிலோ, சிங்காரி மேளக் குழுவிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டாக ஒரு பாடகரையே வைத்துக்கொள்வோம். இயர்பிளக்கோடு அதிகம் சிரமப்படுகிறவர் அவர்தான். அவருக்குச் சரியாக அமைந்தால் கீபோர்டுக்காரருக்கும் கிட்டார்காரருக்கும் எளிதாக அமைந்துவிடும்.

முதலில் அறையை அளந்து பாருங்கள்

கான்கிரீட் கூரை, பூசிய சுவர், டைல்ஸ் தரை. நம் பக்கத்து ரிகர்சல் அறைகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ஒரு டிரம்ஸ் செட், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, இரண்டு மைக். இவை ஒரு சிறிய அறைக்குள் சேர்ந்தால் சத்தம் 100 டெசிபெலை ஒட்டி நிற்பது சாதாரணம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் NIOSH SLM என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது அது. ஆண்ட்ராய்டில் அது கிடையாது. அங்கே கிடைக்கும் செயலிகள் போனுக்குப் போன் வேறுபட்டுக் காட்டும், அதனால் அவற்றின் எண்ணைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போனை உங்கள் காது இருக்கும் உயரத்தில் பிடியுங்கள். மைக் துளையைக் கை மறைக்கக் கூடாது. ஒரு முழுப் பாட்டு ஓடும்வரை அளந்துவிட்டு, LAeq என்று திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்த நேரத்தின் சராசரி. துள்ளித் துள்ளி மாறுகிற எண்ணைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம்.

அந்த நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100-இல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கேளிக்கை அரங்குகளுக்கு வெளியிட்ட வரையறையும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது.

நம் பாடகரின் அறையில் LAeq 100 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரிகர்சல் 2 மணி நேரம். அனுமதி 15 நிமிடம்தான், அவர் நிற்பதோ அதைப்போல 8 மடங்கு. ஒரு நாளில் காது கேட்காமல் போய்விடாது. வீடு திரும்பும்போது காதில் 'கீ' என்று ஓர் இரைச்சல், பேருந்து நடத்துநர் சொல்வது பாதி புரியாமை, மறுநாள் காலையில் எல்லாம் தெளிந்துவிடுதல். இதுதான் முதல் அடையாளம். தெளிந்துவிட்டது என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. இப்படித் திரும்பத் திரும்ப அடிபடும்போது முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. 'ஸ்', 'ஷ்', 'ச்' போன்ற ஒலிகளின் கூர்மை ஏறத்தாழ அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. போனது திரும்பி வருவதில்லை.

காசில்லாமல் குறைக்க முடிந்ததை முதலில் குறையுங்கள்

ஆம்ப் தரையில் இருந்தால் ஒலி முழங்காலுக்குப் போகிறது. வாசிப்பவர் "எனக்குக் கேக்கல" என்று வால்யூமைக் கூட்டுவார், எதிரே நிற்பவரின் காது வாங்கும். ஆம்பை ஒரு ஸ்டூலில் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ அவருடைய தலையை நோக்கித் திருப்புங்கள். அவரே குறைத்துக்கொள்வார். பாடகரை டிரம்ஸின் சிம்பலுக்கு நேராக நிறுத்தாதீர்கள். சிம்பல் காது மட்டத்தில் அடிக்கும் இடம் அது. சுவர் ஓரமாகத் தடித்த சாக்கோ பழைய மெத்தையோ தொங்கவிட்டால் அறையின் எதிரொலி குறைந்து சொற்கள் தெளியும், ஆனால் டிரம்ஸின் நேரடிச் சத்தம் குறையாது. அதற்குத்தான் பிளக்.

எதை வாங்குவது

மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் ஃபோம் பிளக் நல்ல பொருள்தான். சரியாகச் சுருட்டி உள்ளே விட்டால் நிறையச் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் உயர்ந்த ஒலியை அதிகமாகவும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் தடுக்கும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. காதுக் குழாய் ஒருபக்கம் மூடிய குழாய். வெறும் பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழுகிறதல்லவா, அதுபோலக் காதுக் குழாயும் சுமார் 2700 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானாகவே 15 டெசிபெல்வரை உயர்த்திக் கொடுக்கிறது. சொற்களின் தெளிவு பெரிதும் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பிளக்கை வைத்து அடைத்தாலும் இந்த இயற்கை உயர்வு போய்விடும். ஃபோம் வைத்ததும் பாட்டு சுவருக்கு அப்பால் நடப்பதுபோல் ஆவது இந்த இரண்டும் சேர்வதால்.

இசைக்கலைஞர் பிளக்கில் நடுவே ஒரு துளையும் அதில் ஒரு சிறிய ஃபில்டரும் இருக்கும். நல்ல ஃபில்டரில் உள்ள மெல்லிய சவ்வும் துளையில் நிற்கும் காற்றும் சேர்ந்து அதே 2700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரும்படி அமைத்திருப்பார்கள். அடைத்ததால் இழந்ததை அது திருப்பித் தருகிறது. 1988-இல் எட்டிமோட்டிக் நிறுவனம் இந்த முறையில் வெளியிட்ட, காதை அச்செடுத்துச் செய்யும் பிளக்தான் இந்த வகைக்கு வழி திறந்தது. இன்றும் 9, 15, 25 என்று மூன்று அளவில் மாற்றக்கூடிய ஃபில்டர்கள் அந்த வகைக்குக் கிடைக்கின்றன. அந்த எண் எத்தனை டெசிபெல் குறையும் என்பது.

இணையக் கடைகளில் "ஹை ஃபிடெலிட்டி" என்று எழுதிய எல்லாவற்றிலும் இந்த ஃபில்டர் இருப்பதில்லை. சிலவற்றில் துளைக்குள் வெறும் பிளாஸ்டிக் அல்லது உலோகத் துண்டுதான் இருக்கும். கண்டுபிடிக்கும் வழி, பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ அச்சிட்டிருக்கும் அட்டவணை. 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று ஹெர்ட்ஸ் வரிசையும், ஒவ்வொன்றின் கீழும் எத்தனை டெசிபெல் குறைகிறது என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, கூடினால் 6 அல்லது 7 டெசிபெல் வித்தியாசத்துக்குள் இருந்தால் அது இசைக்கு ஏற்றது. 125-இல் சிறிதாகவும் 4000-இல் மிகப் பெரிதாகவும் இருந்தால் துளை இருந்தும் பயனில்லை. அட்டவணையே இல்லாத பிளக்கை வாங்காதீர்கள்.

பெட்டியின் முன்பக்கத்தில் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் என்று, மொத்தத்தில் எத்தனை டெசிபெல் குறையும் என்பதைச் சொல்லும் ஒரு பெரிய எண் இருக்கும். அது ஆய்வகத்தில், பயிற்சி உள்ளவர் பார்த்து மாட்டிவிட்ட நிலையில் எடுத்தது. வியர்வையும் அவசரமுமான மேடையில் அவ்வளவு கிடைக்காது. கணக்குப் போடும்போது குறைத்தே போடுங்கள்.

யாருக்கு எவ்வளவு? பாடகருக்கும் கீபோர்டுக்கும் 12 முதல் 15 டெசிபெல் குறைக்கும் பிளக் போதும். டிரம்ஸ் வாசிப்பவரும் சிங்காரி மேளத்தில் செண்டையோ இலத்தாளமோ அடிப்பவரும் 20 முதல் 25 வரை போகலாம். சத்தத்தின் மூலமே அவர்கள் கையில் இருக்கிறது. "அதிகமாக அடைத்தால் அதிகப் பாதுகாப்பு" என்று பாடகர் 30 டெசிபெல் பிளக்கை மாட்டினால் தன் குழுவே கேட்காது, குரலைக் கத்தி ஏற்றுவார், இரண்டாம் பாட்டிலேயே பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். காதில் இருக்கிற 12 டெசிபெல், பையில் இருக்கிற 30-ஐ விட மேல்.

பஞ்சையும் டிஷ்யூவையும் பற்றிக் கேட்பார்கள். உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். தெளிவும் போகும், காப்பும் இருக்காது.

மாட்டும் முறை

ஆயத்தமாகக் கிடைக்கும் பிளக்கில் சிலிக்கோனால் ஆன இரண்டு அல்லது மூன்று குடைகள் அடுக்காக இருக்கும், பின்னால் பிடிக்க ஒரு காம்பு. முதல் தடவை மேடையில் மாட்டிப் பார்க்காதீர்கள். வீட்டில், கண்ணாடி முன்னால், அவசரமில்லாமல் பழகுங்கள்.

1. கையைக் கழுவித் துடையுங்கள். குளித்த உடனே வேண்டாம். ஈரக் காதில் மாட்டினால் வழுக்கி வெளியே வரும், புண்ணும் வரும்.
2. வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். வளைந்திருக்கும் காதுக் குழாய் நேராகும். இந்த ஒரு செயலைத் தவிர்ப்பதால்தான் பாதிப் பேருக்குப் பிளக் அமைவதில்லை.
3. வலது கையால் காம்பைப் பிடித்து, இலேசாகத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். நேராகக் குத்தாதீர்கள். கடைசிக் குடையும் காதின் வாய்க்குள் போய் அடைய வேண்டும்.
4. மடலை விட்டுவிட்டு வாயை இரண்டு மூன்று தடவை அகலத் திறந்து மூடுங்கள். பிளக் நகர்ந்தால் மறுபடி அழுத்துங்கள். வலித்தால் அளவு பெரிது. எடுத்துவிட்டுச் சிறியதைப் பாருங்கள்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இறுக்கமாக அடைத்த பிளக்கைச் சட்டென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறையை இழுக்கும். காம்பைத் திருகி, ஓரமாகச் சிறிது காற்று புகவிட்டு, மெல்ல எடுங்கள்.

இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். ஒரு காதுக்குச் சிறியது, மறு காதுக்குப் பெரியது என்று அமைகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு அளவும் சேர்ந்து வரும் பெட்டியாக வாங்குவது நல்லது.

கசிகிறதா என்று பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நூல் அளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி அதன் வழியாக உள்ளே வந்துவிடும். உயர்ந்த ஒலி அவ்வளவாக வராது. அதனால் கசிகிற பிளக்கோடு கேட்கும்போது பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் முன்பு போலவே 'தம் தம்' என்று இருக்கும், சிம்பலும் பாட்டு வரிகளும் மட்டும் மங்கிவிடும். "பிளக் போட்டா மந்தமாகுது" என்று சொல்வது பல நேரம் இதைத்தான். மந்தத்தைப் போக்கப் பிளக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுவார்கள். கசிவு கூடும், மந்தமும் கூடும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: இன்னும் உள்ளே தள்ளுவது.

சோதிக்க மூன்று வழிகள். ஒன்று, ஸ்பீக்கரில் ஒரே சீரான பாட்டை ஓடவிட்டு, பிளக் போட்ட காதுகளை இரண்டு உள்ளங்கையாலும் இறுக மூடித் திறங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றால் பிளக் அடைத்திருக்கிறது. மூடும்போது சத்தம் வெகுவாகக் குறைந்தால் கசிகிறது.

இரண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். இரண்டு காதும் நன்றாக அடைந்திருந்தால் முனகல் தலையின் நடுவில் கேட்கும். வலப்பக்கம் சாய்ந்து கேட்டால் கசிவது இடது காது. அடைந்த காதில்தான் சொந்தக் குரல் பலமாகக் கேட்கும் என்பதால், குறை எப்போதும் சத்தம் குறைந்த பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது, ரிகர்சலிலேயே செய்வது. முதல் பாட்டில் பேஸை மட்டும் கவனியுங்கள். பிளக் போடுவதற்கு முன்னும் பின்னும் பேஸ் ஒரே அளவு என்றால் அடைப்பு இல்லை.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் மிகக் குறைந்து கேட்டால் வேறு காரணம். இரண்டு பிளக்கும் ஒரே அளவாக இருந்தால் அவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை பிளக்கோடு மறு காதுக்குப் போனால் ஃபில்டர் துளையில் குறும்பி அடைத்திருக்கிறது. குறை அதே காதில் நின்றால் காதிலேயே குறும்பி இறுகியிருக்கலாம். அப்போது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய் எடுத்துவிட்டு வாருங்கள். பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

பாடும்போது வரும் சிக்கல்

காதை அடைத்ததும் நம் குரல் மண்டைக்குள் குகையில் பேசுவதுபோல் முழங்கும். 'ஈ' என்றும் 'ஊ' என்றும் இழுத்துப் பாருங்கள், அந்த இரண்டு உயிரெழுத்திலும் மிகத் தெளிவாகத் தெரியும். குரலின் அதிர்வு தாடை வழியாகக் காதுக் குழாயின் வெளிப்பாதியில் உள்ள மென்மையான குருத்தெலும்புச் சுவரை ஆட்டுகிறது. காது திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும். அடைத்திருந்தால் போக வழியில்லாமல் செவிப்பறையில் முட்டுகிறது.

பிளக் ஆழமாக, குழாயின் உட்பாதியில் இருக்கும் எலும்புப் பகுதிவரை போய் அடைத்தால் ஆடுகிற சுவரில் பெரும்பகுதி பிளக்காலேயே மூடப்படுகிறது, முழக்கமும் குறைகிறது. ஆயத்தப் பிளக்கில் ஓரளவுக்குத்தான் அந்த ஆழம் கிடைக்கும். வாரம் பல நாள் பாடுகிறவர், குறிப்பாக முதன்மைப் பாடகர், அச்செடுத்துச் செய்யும் பிளக்குக்குப் பணம் சேர்ப்பது நியாயமான செலவு. ஆயத்தப் பிளக்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். செவித்திறன் ஆய்வாளர் காதில் ஒரு சிறு பஞ்சுத் தடுப்பை வைத்து, அதன்மேல் மென்மையான சிலிக்கோனை நிரப்பி அச்செடுப்பார். அவரிடம் இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். நான் பாடகர், எனவே குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டி ஆழமாக அச்செடுக்க வேண்டும். வாயைத் திறந்த நிலையில் எடுக்க வேண்டும். பாடும்போது தாடை இறங்கக் குழாயின் வடிவம் மாறுகிறது. வாயை மூடி எடுத்த அச்சில் செய்த பிளக், உச்ச சுருதியில் வாய் திறந்ததும் கசியும்.

சாதாரணப் பிளக்கோடு தொடங்குகிறவர்கள் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு மறு காதைத் திறந்துவிடுவார்கள், சுருதி கேட்க வேண்டும் என்று. திறந்த காது முழு அடியையும் வாங்குகிறது. அதற்குப் பதிலாக மானிட்டரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். "அண்ணே, என் மானிட்டர்ல டிரம்ஸை எடுத்துருங்க, கீபோர்டைப் பாதியாக்குங்க, என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்றால் சவுண்ட்காரருக்குப் புரியும். இந்தச் சோதனையைப் பிளக் போட்ட காதோடுதான் செய்ய வேண்டும். வெறுங்காதில் சரிபார்த்துவிட்டு மேடையேறும்போது மாட்டினால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

பிளக் போட்டவர்களுக்குச் சொந்தக் குரல் பலமாகக் கேட்பதால் மைக்கில் மெதுவாகப் பாடும் பழக்கம் வரும். முதல் சில ரிகர்சல்களை போனில் பதிவுசெய்து கேளுங்கள். குரல் அமுங்கியிருந்தால் அடுத்த தடவை தெரிந்து ஏற்றுவீர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது பழகிவிடுகிறது. மிகப் பெரிய சத்தத்தில் உட்காதே ஒலியைக் கோணலாக்குகிறது. அதனால், பிளக் போட்டதும் பக்கத்துப் பாடகரின் வரிகள் முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதையும் கவனிப்பீர்கள்.

எப்போது போடுவது, எப்போது எடுப்பது

நம் பாடகரின் 2 மணி நேர ரிகர்சலுக்கே திரும்புவோம். அறையில் 100 டெசிபெல். அவர் பிளக் நடைமுறையில் 12 குறைக்கிறது என்று நிதானமாகவே வைத்துக்கொண்டால், காதுக்குப் போவது 88. அதற்கு அனுமதி 4 மணி நேரம். 2 மணி நேரம் என்பது அந்த நாளுக்கான அளவில் சரிபாதி. நல்ல நிலை.

இப்போது நடுவில் "இந்த ஒரு பாட்டை மட்டும் சரியாக் கேக்கணும்" என்று 10 நிமிடம் கழற்றிவிடுகிறார். 100 டெசிபெலில் அனுமதி 15 நிமிடம்தான், எனவே அந்த 10 நிமிடமே நாளின் அளவில் 67 விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. மீதி 110 நிமிடத்துக்கு 46 விழுக்காடு. கூட்டினால் 113. பத்தே நிமிடம், பாதியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. டிரம்ஸ்காரர் முதல் அடி அடிப்பதற்கு முன் பிளக் காதில் இருக்க வேண்டும், பேச வேண்டும் என்றால் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பேச்சுக்காக வெளியே எடுக்கவும் தேவையில்லை. ஃபில்டர் உள்ள பிளக்கோடு பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியும்.

திருவிழா மேடை இன்னும் நீளம். கோட்டாறு சவேரியார் திருவிழாவானாலும் மண்டைக்காடு மாசிக் கொடையானாலும் 10 நாள் ஓடுபவை. ஒரே வாரத்தில் மூன்று நான்கு மேடை ஏறும் குழுக்கள் உண்டு. மேடையில் 100 டெசிபெல், 3 மணி நேரம் என்றால் அதே பிளக்கோடு நாளின் அளவில் 75 விழுக்காடு. இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் மீதி கால்பங்குதான். அன்று காலையில் ஊர்வலத்தில் செண்டைக்குப் பக்கத்தில் நடந்தவருக்கும், நிகழ்ச்சி முடிந்து ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் நின்று அடுத்த குழுவைக் கேட்பவருக்கும் அந்தக் கால்பங்கு போதாது. திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு நகர்வது, ஒரு பைசா செலவில்லாமல் நேரத்தை நான்கு மடங்காக்குகிறது.

கதினா வெடிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஒரே அடியில் காதைச் சேதப்படுத்தக்கூடிய திடீர் ஒலி அது. 12 டெசிபெல் இசைப் பிளக்கை நம்பி அருகில் நிற்காதீர்கள். தூரப் போங்கள், போக முடியாவிட்டால் ஃபோம் பிளக்கை மாட்டுங்கள்.

மேடையில் பிளக்குக்குப் பதில் இன்-இயர் மானிட்டர் போடுகிறவர்கள் காது அடைந்திருப்பதாலேயே பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. அது காதுக்குள் இருக்கும் ஸ்பீக்கர். வெளிச்சத்தத்தை அடைக்கிற நன்மை, உள்ளே வால்யூமைக் குறைத்தால்தான் கிடைக்கும்.

குழந்தைகள் பாடும் குழுவாக இருந்தால் பெரியவர்களின் பிளக்கை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சிறு காதில் அது அடையாது. காதின்மேல் கவிழும் குழந்தைகள் அளவு இயர்மஃப் போதும். ஸ்பீக்கருக்கு முன்வரிசையில் உட்கார வைக்காமலிருப்பது அதையும்விட நல்லது.

வியர்வை, உப்புக்காற்று, எண்ணெய்

கடலோர ஈரமும் இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் பிளக் அழுக்கானால் காதில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிக்கோன் பகுதியை மட்டும் மிதமான சோப்பு, இளஞ்சூட்டு நீரில் கழுவி, நிழலில் முழுதும் காயவிடுங்கள். ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது, அதன் துளைக்குள் ஊசியும் விடக் கூடாது, சவ்வு கிழிந்துவிடும். ஃபில்டர் கழற்ற முடியாத வகை என்றால் ஈரத்துணியால் குடைகளை மட்டும் துடையுங்கள். பிளக்கை மூடிய டப்பாவில் வையுங்கள், ஆனால் ஈரத்தோடு மூடாதீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் காதுக்குள் எண்ணெய் இருந்தால் பிளக் வழுக்கும். காதுக்குள் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. குளத்திலோ கடலிலோ குளித்திருந்தால் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, காது முழுதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். குடைகள் விறைத்துவிட்டாலோ ஓரம் கிழிந்துவிட்டாலோ புதிது வாங்குங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் முனகல் சோதனையில் தவறினால் அதுவும் மாற்ற வேண்டிய நேரம்தான். ஒருவர் பிளக்கை இன்னொருவர் போடக் கூடாது.

காதில் சீழ் வடிந்தாலோ, வலித்தாலோ, செவிப்பறையில் ஓட்டை என்று முன்பே சொல்லப்பட்டிருந்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பிளக்கும் போடாதீர்கள். குழுவில் சேரும்போதே ஒரு தடவை செவித்திறனைச் சோதித்துப் பதிவுசெய்யும் ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி இராது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேளுங்கள். பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரமாவது பெரிய சத்தம் எதிலும் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். பிளக் போட்டும் மறுநாள் காலைவரை காதில் இரைச்சல் நின்றால், பிளக் கசிகிறது அல்லது குறைக்கும் அளவு போதவில்லை. கசிவுச் சோதனையை முதலில் செய்து, அடைப்பு சரியாக இருந்தால் ஒருபடி கூடிய ஃபில்டருக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, தவறினால் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான மருந்து ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் பயன் தரும்.